பட்டு சரி, ஜரிகை எத்தனை கிராம்?

குன்னூரில் சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகிறது. சேலையைக் கடைக்காரர் மடிப்புப் பிரித்துக் காட்டுவார், கட்டுகிறவர் கண்ணாடியில் பார்ப்பார். நான் பார்ப்பது அதன் ஓரத்தையும் தலைப்பையும் பின்பக்கத்தையும்தான். பொய் ஒளிந்திருக்கும் இடமும் அநேகமாக அங்கேதான்.

போன வருடம், 2025 வைகாசியில், எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கும் அக்கா ஒருத்தர் மகள் கல்யாணத்துக்காக நான்கு சேலைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எதை வெச்சுக்கறது, எதைத் திருப்பிக் கொடுக்கறதுன்னு தெரியல" என்றார். முப்பதாயிரத்துக்குள் முகூர்த்தச் சேலை முடிய வேண்டும், மிச்சமிருந்தால் வரவேற்புக்கு ஒன்று. அந்த நான்கையும் வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, சீசனுக்கு ஊட்டியில் கடை போட்ட ஒருவரிடம் வாங்கியது. 6,500 ரூபாய், "ப்யூர் காஞ்சி". பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுதான். இரண்டாவது, மலைக்குக் கீழே ஒரு பெரிய கடையில் எடுத்தது, 14,800 ரூபாய். சில்க் மார்க் அட்டை தொங்கியது. ஒரிஜினல் ஜரிகை என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது, காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கச் சேலை, 26,400 ரூபாய். அது இன்னும் வாங்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பில் பார்த்துவிட்டுத் தர எடுத்து வந்தது. நான்காவது சிறுமுகையில் நெய்த சாஃப்ட் சில்க், 9,800 ரூபாய், மெல்லிய பார்டர்.

தொட்டுப் பார்த்தால் நான்கும் பட்டு மாதிரிதான் இருந்தன. உண்மையில் அதிகம் மினுமினுத்தது முதலாவதுதான்.

அட்டை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. சில்க் மார்க் என்பது மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த அடையாளம். ஹாலோகிராம் ஒட்டிய அட்டை, அதில் தனி எண், இப்போது ஸ்கேன் செய்து பார்க்கும் வசதியும் உண்டு. துணி இயற்கைப் பட்டால் ஆனது என்பதற்கு மட்டும்தான் அது பொறுப்பு. ஜரிகையைப் பற்றி அது வாயே திறக்காது. அசல் பட்டில் பிளாஸ்டிக் ஜரிகை போட்டிருந்தாலும் சில்க் மார்க் அட்டையில் தவறொன்றுமில்லை. கைத்தறி முத்திரையும் அப்படியே. கையால் நெய்தது என்று சொல்லும், பட்டா பருத்தியா என்று சொல்லாது. பட்டா, கையால் நெய்ததா, ஜரிகை அசலா என்ற மூன்று கேள்விக்கு மூன்று பதில் வேண்டும். கடைக்காரர் ஓர் அட்டையைக் காட்டி மூன்றுக்கும் பதில் சொன்ன மாதிரி நடந்துகொள்வார், நாமும் தலையாட்டிவிடுவோம்.

அட்டையை ஸ்கேன் செய்து எண் சரியாக வந்தாலும், அந்த அட்டை அந்தச் சேலைக்கே உரியதா என்று பார்க்க வேண்டும். ஒரு சேலையில் இருந்த அட்டையைக் கழற்றி இன்னொன்றில் கட்டியிருப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நூல் புதிதாக முடிச்சுப் போட்டிருக்கும், ஹாலோகிராம் ஓரம் சுருண்டிருக்கும். அப்படியிருந்தால் அட்டையை மறந்துவிட்டு நூலைக் கேட்க வேண்டியதுதான்.

நூலைக் கேட்பது என்றால் எரித்துப் பார்ப்பது. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எந்த நூலை எரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தானை முனையில் குஞ்சத்துக்காக விட்டிருக்கும் நூலைப் பிடுங்கி எரிப்பதுதான் வழக்கம். அது பாவு நூல். சேலையின் நீளத்துக்கு ஓடும் நூல் மட்டும். குறுக்கே ஓடும் ஊடை நூலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சில காஞ்சிபுரம் சேலைகளில் முந்தானைக்கு வேறு நிறப் பாவை உடலின் பாவோடு இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பார்கள், பேட்னி என்பார்கள். அப்படிப்பட்ட சேலையில் முந்தானைக் குஞ்சத்து நூல் உடலின் பாவு நூல்கூட இல்லை. அதனால் நான் எப்போதும் ரவிக்கைத் துணி வெட்டும் உள் தலைப்பிலிருந்துதான் எடுப்பேன். அந்த முனையில் நீளவாக்கில் இரண்டு மூன்று இழை, குறுக்கே இரண்டு மூன்று இழை. கடையில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பீங்கான் தட்டின் மேல், இடுக்கியில் பிடித்து, ஒவ்வோர் இழையாக எரிக்க வேண்டும். பட்டு நெருப்பிலிருந்து சுருண்டு விலகும், மெதுவாக எரியும், தீயை எடுத்ததும் தானே அணையும். முடி கருகிய நாற்றம் வரும். மிஞ்சும் கறுப்பு உருண்டையை விரலால் தேய்த்தால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகும், கறுப்புப் புகை விடும், ஆறிய பிறகு கண்ணாடி மணி மாதிரி கெட்டியாக நிற்கும், நசுக்கினால் நசுங்காது. விஸ்கோஸ் எனப்படும் ரேயான் காகிதம் எரிவது போலச் சடசடவென்று எரிந்து, கனன்று, லேசான சாம்பலை விடும். வாசனையும் காகிதம் கருகும் வாசனைதான்.

முதல் சேலைக்கு வருவோம். முந்தானை நூல் முடி நாற்றத்தோடு எரிந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. உள் தலைப்பில் நீளவாக்கு நூலும் அப்படியே. குறுக்கு இழையைப் பிடித்தேன். நெருப்புக் குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும் பற்றிக்கொண்டு சாம்பலானது. பாவு பட்டு, ஊடை ரேயான். ஆக அது பாதிப் பட்டு. விற்றவர் ஒருவேளை முந்தானை நூலை எரித்துக் காட்டியே விற்றிருப்பார், அதில் பொய்யே சொல்ல வேண்டியிருக்காது.

எரிப்பதில் சந்தேகம் வந்தால் நான் செய்யும் இன்னொன்று உண்டு. வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் ஊற்றி அதில் இழையைப் போடுவது. அதிலிருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் பட்டு, கம்பளி போன்ற விலங்கு நூல்களைக் கரைத்துவிடும். சில நிமிடத்தில் நூல் குமிழி விட ஆரம்பிக்கும், அரை மணிக்குள் காணாமல் போய்விடும். ரேயானும் பாலியஸ்டரும் நிறம் வெளுத்தாலும் அப்படியே கிடக்கும். பாவையும் ஊடையையும் இரண்டு டம்ளரில் போட்டு வைத்தால் யாரும் வாதம் செய்ய முடியாது. பாட்டில் புதிதாக இருக்க வேண்டும், திறந்து பல மாதம் ஆனதில் வீரியம் இருக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதன் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, விஷவாயு வரும். அக்காவின் முதல் சேலையின் ஊடை இரவு முழுக்க டம்ளரில் ஊறியும் காலையில் அதே நீளத்தில் கிடந்தது.

மோதிரத்துக்குள் நுழைத்துப் பார்ப்பது, கையில் தேய்த்துச் சூடு பார்ப்பது என்றெல்லாம் சொல்வார்கள். கனத்த காஞ்சிபுரம் சேலை எந்த மோதிரத்துக்குள்ளும் நுழையாது. மெல்லிய பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கிளைக் கதை. எங்கள் மலையில் கற்பூர மரம், சீகை மரம் என்று எவ்வளவோ காடு நட்டார்கள். அந்த மரமெல்லாம் லாரி லாரியாகக் கீழே இறங்கிச் சிறுமுகைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அங்கே சவுத் இந்தியா விஸ்கோஸ் என்ற ஆலை மரக்கூழிலிருந்து ரேயான் செய்தது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானிக் கரையில் இருக்கும் அதே சிறுமுகையில்தான் தறியில் அசல் பட்டும் நெய்கிறார்கள். அந்த ஆலை மூடிப் பல வருடமாகிவிட்டது, தறிகள் இன்னும் ஓடுகின்றன. முதல் சேலையின் ஊடை எந்த ஊர் மரமோ தெரியாது. ஆனால் "ஆர்ட் சில்க்" என்று யாராவது சொல்லும்போது கலைப்பட்டு என்று எடுத்துக்கொள்கிற பெண்களிடம் நான் இந்த மரக்கதையைத்தான் சொல்வேன். ஆர்ட் என்பது ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம், செயற்கைப் பட்டு. செமி சில்க் என்று எழுதியிருந்தால் முதல் சேலை மாதிரி ஏதோவொன்று. சாஃப்ட் சில்க் என்பதில்தான் குழப்பம் அதிகம். சிறுமுகையில் அது முழுப் பட்டு. ஆன்லைனில் எண்ணூறு ரூபாய்க்கு அதே பெயரில் வருவது பாலியஸ்டர்.

மற்ற மூன்றும் பாவு, ஊடை இரண்டிலும் பட்டுதான். அட்டையும் சரி. இரண்டாவது சேலையை எரித்துக் காட்டியதும் அக்கா, "அப்ப இது ஓகே தானுங்களே?" என்றார். பட்டு ஓகேதான். ஆனால் 14,800 ரூபாயில் பெரும் பங்கு பட்டுக்காகக் கேட்ட பணம் இல்லை. அந்த அகலமான ஜரிகை பார்டருக்காகக் கேட்ட பணம்.

ஜரிகையில் மூன்று வகையைச் சொன்னால் போதும். அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல் இருக்கும், காஞ்சிபுரத்தில் அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். அதன் மேல் வெள்ளியும் தாமிரமும் சேர்ந்த தட்டைக் கம்பியைச் சுற்றி, அதற்கும் மேல் தங்க முலாம். சங்கச் சேலைகளின் சீட்டில் இப்போது காணும் அளவு வெள்ளி 40 சதவிகிதம், தாமிரம் 35.5, பட்டு 24, தங்கம் 0.5. முன்பு வெள்ளி 57, தங்கம் 0.6 என்று இருந்தது. இரண்டாவது வகை டெஸ்டட் ஜரிகை. தாமிரக் கம்பிக்கு வெள்ளிப் பூச்சு, மேலே தங்க நிறம். உள்ளே பெரும்பாலும் ரேயானோ பாலியஸ்டரோ பருத்தியோ. மூன்றாவது, உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் படலத்தை மெல்லிய நாடாவாக வெட்டிச் சுற்றியது.

மூன்றாவதைப் பிடிப்பது எளிது. பார்டரின் பின்பக்கம் தொங்கும் ஜரிகை இழை ஒன்றை ஓர் அங்குலம் வெட்டி, இரண்டு நகத்துக்கு நடுவே முறுக்கு அவிழ்க்க வேண்டும். பிளாஸ்டிக் நாடா இழுத்தால் நீளும், வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரியும், நெருப்பில் சுருங்கி உருண்டையாகும். உலோகம் அப்படியல்ல. சுருள் விழுந்தபடியே நிற்கும், மடித்தால் மடிப்பு அப்படியே இருக்கும். முதல் சேலையின் ஜரிகை இந்தப் பிளாஸ்டிக்தான். அதோடு அந்தச் சேலையின் விசாரணை முடிந்தது.

அசலையும் டெஸ்டட்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். உள்ளே சிவப்பு நூல் இருந்தால் அசல் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சிவப்பு இல்லையென்றால் காஞ்சிபுரத்து அசல் ஜரிகை இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் சிவப்பு இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது. சாயம் போடுவது பெரிய வேலையா, டெஸ்டட் செய்கிறவருக்கும் சிவப்பு நூல் கிடைக்கும். அந்த உள் நூலைத் தனியாகப் பிரித்து எரித்தால் முடி நாற்றம் வருகிறதா, காகித நாற்றமா என்பது கொஞ்சம் கூடுதல் தகவல். உலோகத்தை எரித்துப் பார்த்து, கறுத்தால் தாமிரம், வெளுத்தால் வெள்ளி என்கிறார்களே, அதையும் அப்படியே நம்ப வேண்டாம். இப்போதைய அசல் ஜரிகையிலேயே வெள்ளிக்குச் சமமாகக் கிட்டத்தட்ட அவ்வளவு தாமிரம் இருக்கிறது. அதுவும் கறுக்கத்தான் செய்யும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். அதற்கு மேல் எக்ஸ்ரே கருவி வேண்டும், நகைக்கடைகளில் கேரட் மீட்டர் என்று சொல்வது. ஜரிகை அடர்த்தியாக இருக்கும் இடத்தை மடித்து அதன் கீழே வைத்தால் சேலையை வெட்டாமலே அளவு வந்துவிடும். அதன் எண்ணைப் படிப்பதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கருவிக்கு உலோகம் மட்டும்தான் தெரியும், உள்ளே இருக்கும் பட்டு தெரியாது. அதனால் சீட்டில் 40 சதவிகிதம் வெள்ளி என்று போட்ட ஜரிகை கருவியில் 52, 53 என்று காட்டும். நூறில் 24 பட்டைக் கழித்தால் மிச்சம் 76, அதில் 40 என்பது பாதிக்குச் சற்று மேல். தங்கம் மேல்பூச்சு என்பதால் அது நிஜத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், வெள்ளியைப் பாருங்கள். டெஸ்டட் என்றால் தாமிரம் தொண்ணூறைத் தாண்டி நிற்கும், வெள்ளி சில சதவிகிதம்தான்.

ஆனால் எல்லோரும் கேரட் மீட்டரைத் தேடி மலை இறங்க முடியாது. அதற்கு முன்பே காகிதமும் பேனாவும் போதும். இரண்டாவது சேலைக்கு அப்படித்தான் செய்தோம்.

சமையலறைத் தராசில் வைத்தேன். 720 கிராம். அதே நெசவு அடர்த்தியில், ஜரிகை இல்லாத பட்டுச் சேலை ரவிக்கைத் துணியோடு 480 கிராம் வாக்கில் இருக்கும் என்பது என் கைக்கணக்கு. வித்தியாசம் 240 கிராம். இது தோராயம்தான், இருபது முப்பது கிராம் இப்படி அப்படி இருக்கலாம். அந்த 240 கிராமும் அசல் ஜரிகையாக இருந்தால் அதில் வெள்ளி 40 சதவிகிதம், 96 கிராம். அந்த வாரம் வெள்ளி கிராம் 110 ரூபாய் வாக்கில் இருந்தது. 10,560 ரூபாய் ஆகிறது. தங்கம் அரை சதவிகிதம், 1.2 கிராம். சுத்தத் தங்கம் கிராம் 9,500 என்று வைத்தால் 11,400 ரூபாய். உலோகத்துக்கு மட்டுமே 21,960. கடைக்காரர் முழுச் சேலையையே 14,800-க்குக் கொடுக்கிறார். பட்டு, சாயம், நெசவுக் கூலி, கடை வாடகை எல்லாம் இனாமாகத் தந்தாலும் ஏழாயிரம் ரூபாய் நஷ்டம்.

அக்கா அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அரை சதவிகிதம் தங்கம்னா ஒண்ணுமில்லைன்னு நெனச்சேனுங்க" என்றார். அந்த அரைதான் வெள்ளியைவிடக் கனமான தொகை. இன்றைக்கு வாசிக்கிறவர்கள் இன்றைய விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளி ஏறினால் கணக்கு இன்னும் கடைக்காரருக்கு எதிராகத்தான் போகும்.

அப்படியானால் 14,800 எதற்கான விலை? டெஸ்டட் ஜரிகையோடு அந்தச் சேலை பத்தாயிரம் பெறும் என்பது என் மதிப்பு. முழுப் பட்டு, நல்ல நெசவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெஸ்டட் ஜரிகைக்கு அதிகம், அசல் ஜரிகைக்கு நடக்காத விலை. இந்த நடு விலைதான் எனக்கு எப்போதும் பயம். ஆறாயிரம் ரூபாய்ச் சேலையில் யாரும் வெள்ளியை எதிர்பார்ப்பதில்லை. முப்பதாயிரம் ரூபாய்ச் சேலையை நாலு பேர் பரிசோதிப்பார்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு ஆயிரம் வரை இருப்பதில்தான், "இவ்வளவு கொடுத்தாச்சே, அசலாத்தான் இருக்கும்" என்று மனசே நமக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது.

மூன்றாவதற்கும் அதே தராசு, அதே கணக்கு. எடை 640 கிராம். சீட்டிலேயே ஜரிகை 150 கிராம் என்றும், மேலே சொன்ன சதவிகிதங்களும் எழுதியிருந்தன. 60 கிராம் வெள்ளிக்கு 6,600, முக்கால் கிராம் தங்கத்துக்கு 7,125, சேர்த்து 13,725 ரூபாய். பட்டுக்கு, சாயம் ஏற்றி முறுக்கியது கிலோ ஆறாயிரம் என்று வைத்தால், மூவாயிரம் போல. மிச்சம் ஒன்பதரை ஆயிரத்துச் சொச்சத்தில் ஜரிகை செய்த கூலி, நெசவுக் கூலி, வரி, விற்பனைச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். நடக்கக்கூடிய கணக்கு. பார்டர் இரண்டாவதைவிடக் குறுகல்தான், பளபளப்பும் குறைவு. அசல் ஜரிகையின் பொன்னிறம் கொஞ்சம் மங்கல், மஞ்சள் வெயில் மாதிரி. டெஸ்டட்டும் பிளாஸ்டிக்கும்தான் கண்ணைப் பறிக்கும். கல்யாணக் கூட்டத்தில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர்கள் இரண்டாவதைத்தான் விலை உயர்ந்தது என்பார்கள்.

நான்காவதில் பரிசோதிக்க அதிகம் இல்லை. 420 கிராம். பில்லில் "ஜரிகை டெஸ்டட்" என்றே எழுதியிருந்தது. சொன்னதும் உள்ளதும் ஒன்று. 9,800 ரூபாய்க்கு முழுப் பட்டும் நல்ல கைநெசவும்.

என்னைக் கேட்டால், எங்கள் மலைக்கு நான்காவதுதான் பொருத்தம் என்பேன், அக்காவிடமும் சொன்னேன். ஆடி மாதம் குன்னூரில் வெளியே காயப்போட்ட துண்டு மூன்று நாளைக்கு ஈரம் விடாது. பீரோவுக்குள்ளும் அந்த ஈரம் வந்து உட்காரும். டெஸ்டட் ஜரிகையின் மேல்பூச்சு மெலிந்த இடத்தில் தாமிரம் கறுத்து, சில சமயம் பச்சை பூக்கும். அகலமான பார்டரில் அது அழுக்குக் கறை மாதிரி தெரியும், விரல் அகலப் பார்டரில் கண்ணில் படாது. அசல் ஜரிகையும் கறுக்காமல் இருக்காது, வெள்ளி கறுக்கும் பொருள்தான். ஆனால் அது சீராக, மெதுவாக மங்கும். எதுவானாலும் பாச்சை உருண்டையை ஜரிகையோடு ஒட்டி வைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். மடிப்பு ஒரே இடத்தில் நின்றால் கம்பி அங்கேயே ஒடியும்.

ஆனால் அக்காவின் கணக்கு வேறு. அவர் மாமியாரின் பழைய அரக்குச் சேலை ஒன்று கிழிந்து கிடந்தது. பழைய பட்டுச் சேலை வாங்குகிறோம் என்று ஊர் ஊராக வருவார்களே, அப்படி வந்தவர் பார்டரை உரசிப் பார்த்துவிட்டு 4,200 ரூபாய் கொடுத்தாராம். அதே நாள் அக்கா தன் கல்யாணச் சேலையையும் நீட்டியிருக்கிறார். வந்தவர் ஒரு தடவை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சது, எங்கம்மாவை ஏமாத்தியிருக்காங்கன்னு. என் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது" என்றார். இதற்கு மேல் ஈரப்பதத்தைப் பற்றி நான் என்ன பேசுவது.

அதில் ஒன்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்காக வாங்குவதென்றால் சேலை நல்ல முதலீடு அல்ல. 26,400-இல் உலோகம் பாதிதான், அதையும் எரித்துப் பிரித்தெடுக்கிற ஆள் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் தருவார், தங்கம் அநேகமாகக் கணக்கிலேயே வராது. அசல் ஜரிகை வேண்டுமென்று தோன்றினால், அது வேண்டும் என்பதற்காகவே வாங்க வேண்டும். அவர் சரி என்றார்.

இரண்டாவது சேலையைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். நான் சொன்னபடி கடையில் சண்டை போடவில்லை. "பில்லில் ஜரிகை எத்தனை கிராம், வெள்ளி எத்தனை சதவிகிதம்னு எழுதிக் கொடுங்க, வெச்சுக்கறோம்" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். முதலில், பட்டுக்கு அட்டை இருக்கிறதே என்றார்களாம். மறுபடி கேட்டதும், அப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று சொல்லி, வேறு சேலை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். கடைசியில் பணமாகவே திரும்ப வந்தது. கேட்ட கேள்வி சின்னது. ஆனால் வாயால் ஒரிஜினல் என்று சொல்ல முடிந்த ஒன்றைக் கையால் எழுத முடியவில்லை. வாங்கும்போதே இதைக் கேட்டிருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

முதல் சேலைக்குத் திருப்பிக் கொடுக்கக் கடையே இல்லை, சீசனோடு அவர் போய்விட்டார். ரேயான் ஊடை தண்ணீரில் நனைந்தால் வலு குறையும் என்பதால் வீட்டில் துவைக்காமல் கட்டச் சொல்லி அனுப்பினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வரவேற்புக்கு அதையே கட்டிவிட்டார்கள். 6,500 கொடுத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சங்கச் சேலையை வாங்கும் முன் கோயம்புத்தூர் போன ஒரு வேலையோடு கேரட் மீட்டரிலும் வைத்துப் பார்த்து வந்தார்கள். வெள்ளி 51.8 என்று அங்கே கொடுத்த சீட்டில் இருந்தது. "நாப்பதுன்னு சொன்னீங்களே, அம்பத்தொண்ணு வந்திருக்கு, தப்பா போட்டுட்டாங்களா?" என்று போனில் கேட்டார். பட்டைக் கழித்த கணக்கை மறுபடி சொன்னேன்.

ஆவணியில் அதன் முந்தானைக்கு நான்தான் குஞ்சம் கட்டினேன். நுனியில் வெட்டிய ஜரிகைத் துண்டு ஒன்றை ஊசி குத்தி வைக்கும் பஞ்சுத் திண்டில் செருகி வைத்திருக்கிறேன். அவிழ்த்த இடத்தில் சிவப்பு நூல் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது சேலையோடு வந்து, இது அசல் ஜரிகையா என்று கேட்டால், முதலில் அதை எடுத்துக் காட்டி, சிவப்பாக இருப்பதால் மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.